நரிப் படத்தை அழிக்கும் முன்

போனில் இடம் போதவில்லை என்று அறிவிப்பு வந்தால் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பழைய வீடியோக்கள் போகும், எப்போதோ விளையாடிய கேம் போகும், அடுத்து ஆறு மாதமாகத் திறக்காத ஆப் ஒவ்வொன்றாகப் போகும். அந்த வரிசையில் ஆரஞ்சு நிற நரி முகம் போட்ட ஆப் ஒன்றும் இருந்தால் விரலைக் கொஞ்சம் நிறுத்திவைப்பது நல்லது. அது மெட்டாமாஸ்க். கிரிப்டோ நாணயங்களை வைத்துக்கொள்ளும் வாலட்களில் உலகெங்கும் பரவலாகப் புழங்குவது.

வங்கி ஆப்பை அழித்தால் பணம் வங்கியிலேயே இருக்கும். மறுபடி ஆப்பை ஏற்றி, ஓ.டி.பி. போட்டு உள்ளே போய்விடலாம். கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் ஆப்களும் இந்த ரகம்தான். கணக்கு அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது, நம் போனில் இருப்பது வெறும் ஜன்னல். மெட்டாமாஸ்க் போன்ற வாலட்டில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நாணயம் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் ஒரு முகவரிக்கு நேரே எழுதப்பட்டிருக்கிறது. அதை எடுத்துச் செலவு செய்யும் சாவி மட்டும் நம் போனுக்குள், கடவுச்சொல்லால் பூட்டிய ஒரு சிறிய கோப்பில் இருக்கிறது. ஆப்பை அழித்தால் அந்தக் கோப்பும் அழிந்துவிடும். செட்டிங்ஸில் போய் 'டேட்டாவை நீக்கு' என்று அழுத்தினாலும், போனை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் நடப்பது இதுவே. கடவுச்சொல் நினைவிருந்தாலும் பயனில்லை. அது அந்தக் கோப்பைத் திறக்க வைத்திருந்த கடவுச்சொல், கோப்பே இல்லாதபோது எதைத் திறப்பது? 'ஃபர்காட் பாஸ்வேர்டு' என்று எழுதிக் கேட்கவும் ஆளில்லை.

நாணயம் அழியாமல் சாவி மட்டும் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரபலமான உதாரணம் வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் இருக்கிறது. ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவரின் பழைய ஹார்டு டிஸ்க் 2013இல் குப்பையோடு குப்பையாக நகராட்சிக் கிடங்குக்குப் போனது. சுமார் 8,000 பிட்காயின்களுக்கான சாவி அதில்தான் இருந்தது என்கிறார் அவர். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டுப் பத்தாண்டுக்கு மேல் போராடினார். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவருக்கு வேறு பிரதி இருக்கவில்லை. இன்றைய வாலட்கள் நமக்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிடுகின்றன. அதுதான் மீட்புச் சொற்றொடர்: வாலட்டைத் தொடங்கும் அன்று திரையில் வரும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். அந்தச் சொற்களை அதே வரிசையில் வேறொரு போனில் கொடுத்தால் சாவிகள் கணக்குப்போட்டு மறுபடி உருவாகும்.

ஆகவே விதி எளிமையாகத் தோன்றும்: சொற்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார், இருப்பு காலியாகிவிட்டதா என்று பார், பிறகு அழி. இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கலாம். சொற்கள் சரியாக இருந்தால் இருப்பு இருந்தாலும் கவலையில்லையே, இருப்பே இல்லையென்றால் சொற்கள் எதற்கு? வாதம் சரிதான். ஆனால் இரண்டு சோதனையிலும் மனிதர்கள் தவறு செய்கிறார்கள் என்பதுதான் சிக்கல். காலி என்று நினைத்தது காலியாக இல்லாவிட்டால் சொற்கள் காப்பாற்றும். சொற்களில் பிழை இருந்தால் காலியான இருப்பு காப்பாற்றும். இரண்டில் எதை முதலில் செய்வது என்பதும் முக்கியம். அதை ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2021இல் எல்லோரும் பேசிக்கொண்டார்களே என்று மெட்டாமாஸ்க் ஏற்றிக் கொஞ்சம் ஈத்தர் வாங்கிப் போட்டார். இப்போது புதுப் போன் வாங்கிவிட்டார். பழையதை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும், கிரிப்டோவும் போதும் என்று முடிவு. பன்னிரண்டு சொற்களை வருமான வரிக் கோப்புக்குள் ஒரு தாளில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். தாள் இருக்கிறது, ஆகவே பேக்கப் இருக்கிறது என்று அவர் நம்புகிறார்.

தாள் இருப்பது வேறு, தாளில் இருப்பது சரியாக இருப்பது வேறு. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பழைய போனில் ஆப் உயிரோடு இருக்கும்போதே வேறொரு கருவியில் அந்தச் சொற்களைக் கொண்டு வாலட்டை மீட்டுப் பார்ப்பது. நம்மவர் புதுப் போனில் மெட்டாமாஸ்க்கை ஏற்றுகிறார். ஆப் ஸ்டோரில் பெயரைத் தேடி முதலில் வந்ததை எடுக்காமல், metamask.io தளத்திலிருந்து போகும் இணைப்பு வழியாக எடுக்கிறார். போலி வாலட் ஆப்கள் கடைகளுக்குள் நுழைந்த கதைகள் பல உண்டு. அவை கேட்பது ஒன்றே ஒன்று, இந்தப் பன்னிரண்டு சொற்கள். 'உங்கள் சொற்கள் சரியா என்று சோதித்துத் தருகிறோம்' என்று சொல்லும் இணையதளங்களும் அதே இனம்.

புதிய வாலட் வேண்டாம், ஏற்கெனவே உள்ளதை மீட்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்துச் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். ஆப் ஏற்றுக்கொள்கிறது. கணக்கு திறக்கிறது. இருப்பு: பூஜ்யம்.

இந்த இடத்தில் பாதிப் பேர் பதறுவார்கள். மீதிப் பேர், அதாவது பணத்தை முதலிலேயே வெளியே எடுத்துவிட்டு அதற்கப்புறம் சொற்களைச் சோதிப்பவர்கள், திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் பழைய ஆப்பை அழித்துவிடுவார்கள். காலி வாலட் என்றால் பூஜ்யம்தானே காட்ட வேண்டும்! ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 2013இல் உருவான BIP-39 என்ற பொது முறைப்படி 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. `abandon` முதல் சொல், `zoo` கடைசிச் சொல். பட்டியலைத் தொகுத்தவர்கள் கவனமாகத்தான் தொகுத்தார்கள். முதல் நான்கு எழுத்தைப் பார்த்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். பன்னிரண்டாவது சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பும் பொதிந்திருக்கிறது, கணக்கர்கள் கூட்டிப் பார்க்கும் சரிபார்ப்புக் கூட்டல் மாதிரி. ஒரு சொல் மாறிப்போனால் அந்தக் கூட்டல் இடிக்கும், 'செல்லாத சொற்றொடர்' என்று ஆப் சொல்லிவிடும். ஆனால் பன்னிரண்டு சொல் முறையில் அந்தச் சரிபார்ப்பு நான்கு பிட் அளவே. பதினாறு பிழைகளில் ஒன்று தற்செயலாக அதைத் தாண்டிவிடும். தாண்டினால் ஆப் பிழை என்று சொல்லாது. அந்தத் தவறான சொற்களுக்கு உரிய, யாரும் பயன்படுத்தியிராத, முற்றிலும் வேறொரு காலி வாலட்டை அமைதியாகத் திறந்து வைக்கும்.

நம்மவருடைய தாளில் ஒன்பதாவது சொல் `wall`. நான்கு வருடத்துக்கு முன் அவசரமாக எழுதியதில் கடைசி எழுத்து `k` மாதிரி வளைந்திருக்கிறது. இப்போது அவர் `walk` என்று தட்டினார். பட்டியலில் இரண்டு சொல்லும் உண்டு. பதினாறில் ஒன்று அவருக்கு நேர்ந்துவிட்டது.

கண்டுபிடித்தது எப்படி? இருப்பைப் பார்க்காமல் முகவரியைப் பார்த்து. ஈத்தரியம் முகவரி `0x` என்று தொடங்கி அதன்பின் 40 எழுத்தும் எண்ணுமாக நீளும். பழைய போனில் அது `7c3e` என்று முடிகிறது, புதியதில் வேறு ஏதோ. ஒரே சொற்றொடரிலிருந்து எத்தனை முறை மீட்டாலும், உலகின் எந்த மூலையில் மீட்டாலும் அதே முகவரிதான் வர வேண்டும். வரவில்லையென்றால் சொற்கள் தவறு. பழைய ஆப் இன்னும் உயிரோடு இருப்பதால் பதற்றம் இல்லை. அதன் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் போய், கடவுச்சொல் கொடுத்தால் உண்மையான சொற்களைத் திரையில் காட்டும். தாளைத் திருத்தி மறுபடி மீட்கிறார். இம்முறை முகவரி முழுதும் பொருந்துகிறது, இருப்பும் தெரிகிறது.

கடவுச்சொல்லும் மறந்துபோய்விட்டது, கைரேகையில் மட்டும்தான் ஆப் திறக்கிறது என்பவர்களும் உண்டு. சொற்களைக் காட்டச் சொன்னால் ஆப் கடவுச்சொல் கேட்கும், ஆகவே அந்த வழி அடைபட்டுவிட்டது. பணம் அனுப்பும் வழி அடைபடவில்லை. புதிதாக ஒரு வாலட் தொடங்கி, அதன் சொற்களை ஒழுங்காக எழுதி, எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிடலாம். ஆப் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே இந்தச் சலுகை.

திரையைப் படம் பிடித்து கேலரியில் வைத்திருப்பதை பேக்கப் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி அறிவித்தது. கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த சில சாதாரண ஆப்களுக்குள் அது இருந்தது. கேலரியில் உள்ள படங்களில் எழுத்துகளைப் படித்து, வாலட் சொற்றொடர் போலத் தெரிந்தால் அந்தப் படத்தைத் தன் எஜமானர்களுக்கு அனுப்பும் வேலை அதற்கு. சொற்கள் அப்படி ஒரு படமாக எங்காவது இருந்திருந்தால், மீட்டுப் பார்த்துப் பொருந்தினாலும் அந்த வாலட்டில் பணம் விட்டுவைக்கக் கூடாது. புது வாலட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

சரி, சொற்கள் உறுதியாயின. முடிந்தது என்று நினைத்தால் இன்னொரு ஓட்டை. நம்மவரின் பழைய போனில் மூன்று கணக்குகள் இருந்தன. புதியதில் முதல் கணக்கு மட்டும் வந்திருக்கிறது. இரண்டாவது, அதே சொற்றொடரிலிருந்து பிறந்தது. 'கணக்கு சேர்' என்று அழுத்தினால் அதே வரிசையில் அதே முகவரியோடு எழுந்து வந்துவிடும். மூன்றாவது வராது. ஏனென்றால் அது வேறொரு வாலட்டின் பிரைவேட் கீயைக் கொடுத்து உள்ளே கொண்டுவந்த கணக்கு. பழைய போனில் அதன் பக்கத்தில் `Imported` என்று எழுதியிருக்கும். தத்துப் பிள்ளை மாதிரி. வீட்டில் இருக்கிறது, ஆனால் இந்தச் சொற்றொடரின் வம்சம் இல்லை. ஆப்பை அழித்தால் இந்தச் சொற்றொடரை வைத்து அதற்குத் திரும்பும் வழி கிடையாது. அதில் 0.008 ஈத்தர் கிடக்கிறது. முதலில் அதைத்தான் அவர் தன் முதல் கணக்குக்கு அனுப்புகிறார்.

இப்போது காலி செய்யும் வேலை. ஆப்பின் முகப்பில் தெரியும் தொகையை நம்பி இதைச் செய்ய முடியாது. ஒரே `0x` முகவரி ஈத்தரியத்திலும் வேலை செய்யும், பாலிகான், பி.என்.பி. செயின், ஆர்பிட்ரம், பேஸ் என்ற வேறு சங்கிலிகளிலும் வேலை செய்யும். ஒரே பெயரில் ஐந்து ஊர் வங்கியில் கணக்கு வைத்திருப்பது போல. எந்த ஊரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோமோ, எந்த டோக்கனைக் காட்டச் சொல்லியிருக்கிறோமோ அதைத்தான் ஆப் காட்டும். பேரேடு அப்படியல்ல, அதில் எல்லாம் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முகவரியை நகலெடுத்து etherscan.io தளத்தில் ஒட்டினால் ஈத்தரியத்தில் உள்ளது தெரியும். பாலிகானுக்கு polygonscan.com, பி.என்.பி.க்கு bscscan.com. இதற்குக் கடவுச்சொல்லோ சொற்றொடரோ தேவையில்லை. கேட்டால் அது போலித் தளம்.

அப்படிப் பார்த்தபோதுதான் பாலிகானில் 180 யு.எஸ்.டி.சி. இருப்பது நம்மவருக்கு நினைவு வந்தது. டாலர் மதிப்போடு கட்டிவைத்த நாணயம் அது. என்றோ மாற்றி வைத்து மறந்துவிட்டார். அதை அனுப்பப் போனால் ஆப் மறுக்கிறது. ஒவ்வொரு சங்கிலியிலும் அனுப்புகூலி அந்தச் சங்கிலியின் சொந்த நாணயத்தில்தான் கட்ட வேண்டும். பாலிகானில் அது பொல், முன்பு மேட்டிக் என்று பெயர். அவரிடம் பொல் ஒன்றுகூட இல்லை. பெட்டியில் பணம் இருக்கிறது, ஆட்டோவுக்குச் சில்லறை இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரே ஒரு பொல் அந்த முகவரிக்கு வரவழைத்த பிறகுதான் 180 யு.எஸ்.டி.சி. நகர்ந்தது. அதையும் ஒரே மூச்சில் அனுப்பவில்லை. முதலில் 5 அனுப்பி, எக்ஸ்சேஞ்ச் கணக்கில் ஏறிவிட்டதைப் பார்த்து, பிறகு மீதி 175. எக்ஸ்சேஞ்சில் வரவு முகவரி எடுக்கும்போதும் பாலிகான் என்றே தேர்ந்தெடுத்திருந்தார். சங்கிலி மாறி அனுப்பினால் எக்ஸ்சேஞ்சின் கையிலும் இல்லாமல் நம் கையிலும் இல்லாமல் தொங்கும்.

அனுப்ப வேண்டிய முகவரியை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு வலை விரித்திருக்கிறார்கள். நம் முகவரிக்கு அடிக்கடி பழகும் முகவரியைப் போலவே முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் வரும்படி ஒரு போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யத் தொகையோ சில்லறையோ அனுப்பி, நம் வரலாற்றுப் பட்டியலில் உட்கார வைப்பார்கள். அவசரத்தில் பட்டியலிலிருந்து நகலெடுப்போம் என்று அவர்கள் எதிர்பார்ப்பு. 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி 1,155 டபிள்யூ.பி.டி.சி.யை, அன்றைய மதிப்பில் ஆறே முக்கால் கோடி டாலருக்கும் மேல், திருடனின் முகவரிக்கு அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதி திரும்பியது அபூர்வ அதிர்ஷ்டம். பெறும் இடத்திலிருந்து நேராக நகலெடுத்து, நடு எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

டோக்கன்கள் போன பிறகு கடைசியாகத்தான் ஈத்தர். அதை முதலில் அனுப்பிவிட்டால் மற்றவற்றை அனுப்பக் கூலிக்குக் காசு இருக்காது. ஒரு சாதாரண ஈத்தர் அனுப்புதலுக்கு 21,000 காஸ் ஆகும், காஸ் என்பது வேலையை அளக்கும் அலகு. அன்றைய விலை ஒரு காஸுக்கு 2 கிவேய் என்றால், கிவேய் என்பது ஈத்தரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஆகையால், கூலி 0.000042 ஈத்தர். ஆனால் விலை ஏறினாலும் போய்ச் சேரட்டும் என்று வாலட் 4 கிவேய் வரை, அதாவது 0.000084 ஈத்தரை ஒதுக்கிவைத்துக்கொண்டு மீதியை அனுப்பும். செலவாகாத பாதி, 0.000042, திரும்பி வந்து முகவரியில் தங்கிவிடும். 'மேக்ஸ்' அழுத்தியும் பூஜ்யம் வரவில்லையே என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். அந்தத் துகளைத் துரத்த வேண்டாம். அதை அனுப்ப ஆகும் கூலிக்கே அது சரியாகப் போய்விடும்.

துரத்தக் கூடாத இன்னொன்றும் etherscan.io பக்கத்தில் தெரிந்தது. கேட்காமலே வந்து விழுந்த ஐந்து டோக்கன்கள். சிலவற்றின் பெயரே ஓர் இணையதள முகவரி. இங்கே வந்து உங்கள் பரிசைப் பெறுக என்று அழைப்பு. வாலட்டைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டுமே என்று அவற்றை விற்கவோ மாற்றவோ போனால், கேட்கப்படும் அனுமதிக்குள் நல்ல டோக்கன்களை எடுத்துக்கொள்ளும் உரிமை ஒளிந்திருக்கலாம். குப்பை குப்பையாகவே கிடக்கட்டும். காலி என்பதற்கு இங்கே பொருள், நமக்கு வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்பதே.

பேரேட்டில் பூஜ்யம் என்று தெரிந்தும் பணம் வழியில் இருக்கும் நேரங்களும் உண்டு. ஆர்பிட்ரம் சங்கிலியின் சொந்தப் பாலம் வழியாக ஈத்தரியத்துக்கு ஈத்தரை எடுத்துவந்தால் ஏறக்குறைய ஒரு வாரக் காத்திருப்பு. அந்த வாரத்தில் புறப்பட்ட இடத்தில் பணம் இருக்காது, சேரும் இடத்திலும் தெரியாது. அந்த இடைவெளியில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காலி என்று முடிவுகட்டக் கூடாது. வட்டிக்கோ ஸ்டேக்கிங்குக்கோ எங்காவது போட்டது நினைவிருந்தால் அந்தத் தளத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். வாலட்டின் முகப்பு அதை எப்போதும் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

அழிப்பதற்கு முன் ஐந்து நிமிட எழுத்து வேலை பாக்கி. இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி, அதே ஆண்டு ஜூலையிலிருந்து விற்பனையில் ஒரு சதவீத டி.டி.எஸ். எது விற்பனை, எது தன் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது என்று பின்னால் சொல்ல வேண்டி வரும். பேரேட்டில் வரவுசெலவு இருக்கும், ஆனால் முகவரி தெரிந்தால்தான் தேட முடியும். ஆப்பில் நாம் கணக்குகளுக்கு வைத்த பெயர்கள் ஆப்போடு போய்விடும். கணக்கு எழுதுபவர் என்பதால் நம்மவருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று முகவரிகளையும் எது எதற்கு என்று ஒரு காகிதத்தில் எழுதினார். முகவரியை எழுதிவைப்பதில் ஆபத்தில்லை. சொற்றொடர் எழுதிய தாளோடு சேர்த்து வைக்காமல் தனியாக வைத்தார், அவ்வளவுதான்.

பிறகுதான் பழைய போனில் நரியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து அன்இன்ஸ்டால் செய்தார். ஐபோனாக இருந்தால் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டும். 'ஆஃப்லோடு' என்றால் ஆப் மட்டும் போகும், உள்ளே இருந்த தரவு தங்கும். 'டிலீட்' என்றால் இரண்டும் போகும். போன் இன்னொருவர் கைக்குப் போவதாக இருந்தால் ஆஃப்லோடு போதாது. நம்மவர் முழுப் போனையும் ஃபேக்டரி ரீசெட் செய்தே அம்மாவிடம் கொடுத்தார்.

தாளைக் கிழிக்கவில்லை. காலி வாலட்டின் சொற்களைக் கிழித்தால் என்ன என்று தோன்றும். ஆனால் முகவரி பேரேட்டிலிருந்து நீங்காது. பழைய நண்பர் யாராவது நினைவில் வைத்து அதே முகவரிக்கு அனுப்பலாம், மறந்துபோன ஏதாவது ஒரு தளத்திலிருந்து பாக்கி வந்து சேரலாம். அன்றைக்கு அதை எடுக்க அந்தப் பன்னிரண்டு சொற்கள் தவிர வேறு வழியில்லை. ஆகவே ஒன்பதாவது சொல்லைத் தெளிவாகத் திருத்தி, சரிபார்த்த தேதியையும் முகவரியின் கடைசி நான்கு எழுத்தையும் ஓரத்தில் குறித்து, தாளை பீரோவில் வைத்துவிட்டார். etherscan.io தளத்தில் அந்த முகவரிக்கு நேரே இன்றும் 0.000042 ஈத்தரும் ஐந்து குப்பை டோக்கன்களும் கிடக்கின்றன.